பிரம்டன் தாய்க்குப் பதில்

அருளையா ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கனடாவுக்கு வந்திறங்கிய ஆறாம் மாதம் பண்டிதரானார். யார் பட்டம் கொடுத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. குளிருக்குக் கட்டிய சால்வை பொன்னாடை மாதிரித் தெரிந்ததில் யாரோ ஒருவர் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அதன் பிறகு அவர் மேடையிலிருந்து இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாகக் கிடக்கும் ஒரு பத்திரிகையில் அவருடைய கேள்வி பதில் வரும். பத்திரிகைக்கு நாற்பத்தெட்டுப் பக்கம். அதில் நாற்பது பக்கம் வீடு விற்றுத் தருகிறவர்கள் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று பக்கம் மரண அறிவித்தல். மிச்சத்தில் நாடு, உலகம், சோதிடம், அருளையா.

அவர் எழுதுவதைக் கணினியில் அடிப்பது சுகிர்தமலரின் வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை பாண் சுடும் தொழிற்சாலையில் நின்று பணிஸ் பொதி செய்வாள். செவ்வாயும் வியாழனும் அங்கிருந்து நேரே பஸ் ஏறி, சேலைக்கடைக்கு மேலே உள்ள பத்திரிகைக் கந்தோருக்கு வந்து, ஆறு மணி வரை தட்டுவாள். ஊரில் ஏழாம் வகுப்போடு நின்ற படிப்பு. முப்பத்தைந்து வயதில் தமிழ் தட்டச்சுப் பழகினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பழகியதால் ஒரு எழுத்தையும் கவனிக்காமல் விடமாட்டாள். அருளையாவின் பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்துகிறவளும் அவள்தான். அது அவருக்குத் தெரியாது. தன்னுடைய தமிழ் அச்சில் ஏறும்போது இன்னும் மெருகாகிறது என்று அவர் நினைத்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தை அருளையா கந்தோர் நடுவில் நின்று உரத்து வாசித்தார். கீழே 'ஒரு தாய், பிரம்டன்' என்று மட்டும் இருந்தது.

"எனது மகளுக்கு ஒன்பது வயது. சிறுவயதில் வாயோயாமல் தமிழில் கதைத்தவள். கோடை முடிந்ததிலிருந்து நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். போன மாதம் பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்து அரைமணி நேரம் என்னவோ சொன்னாள். எனக்கு ஆங்கிலம் வேலைத்தல அளவுக்குத்தான். அவளுடைய சிநேகிதி பற்றியது என்பது மட்டும் விளங்கிற்று. என் பிள்ளை எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் தமிழ் பேச வைக்க என்ன செய்யலாம்?"

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்தியே பிள்ளை, உந்தப் பிரம்டன் பக்கத்துச் சனத்தை? நாள் முழுக்கச் சீரியல் பாக்கிறது, பிள்ளையைக் கவனிக்கிறேல்லை. பேந்து தமிழ் வேணுமாம். வாறன், குடுக்கிறன் பதில்."

"ஓம் ஐயா," என்றாள் சுகிர்தமலர். அவள் சீரியல் பார்த்து நாலு வருடம். பிரம்டனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, சாமத்தியச் சடங்கு ஒன்றுக்குப் போயிருக்கிறாள். கடிதத்தை எழுதியது அவள்தான்.

ஏன் பொய்ப் பெயரில் எழுதினாள் என்றால், நேரே கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லமாட்டார், பிரசங்கம் செய்வார். பத்திரிகைக்கென்றால் யோசித்து எழுதுவார் என்று நம்பினாள். எத்தனையோ வருடம் அவருடைய எழுத்தை அடித்தவள் அப்படி நம்பியது அவளுடைய பிழைதான்.

வியாழக்கிழமை பதில் வந்தது. மூன்று தாள், இருபக்கமும். முதல் தாளில் தமிழ் தோன்றிய காலத்தில் குரங்கு கூடத் தோன்றவில்லை. இரண்டாம் தாளில் தாய்மாரின் சோம்பல். மூன்றாம் தாளில்தான் பிரம்டன் தாய்க்கு ஐந்து கட்டளை. தாயும் பிள்ளையும் விடிய எழும்பிக் குளித்து நின்றபடி ஒரு மணி நேரம் செய்யுள் ஒப்புவிக்க வேண்டும். தொலைக்காட்சியை மூட வேண்டும். வீட்டில் எல்லாப் பொருளிலும் தூய தமிழ்ப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். பிள்ளை ஆங்கிலத்தில் எது கேட்டாலும், தண்ணீரே கேட்டாலும், காது கேளாதவள் போல இருக்க வேண்டும். ஐந்தாவதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லி அடிக்கோடு இட்டிருந்தார்: விருந்தாளி வரும்போதெல்லாம் பிள்ளையை நடுவில் நிறுத்தித் தமிழில் பேசச் சொல்லி, பிழைவிட்டால் அங்கேயே எல்லோர் முன்னும் திருத்த வேண்டும். வெட்கமே சிறந்த வாத்தியார்.

சுகிர்தமலர் தடித்த எழுத்தில் போட்டாள். அதோடு நிற்காமல் ஒரு பிரதி எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

புருசன் பரராசா பாரவண்டி ஓட்டி வினிப்பெக் போனால் ஐந்து நாளைக்கு வரமாட்டான். வீட்டில் தாயும் மகளும்தான். மகள் நிதுசா வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தபோது குளிர்சாதனப் பெட்டியில் 'குளிர்பேழை' என்றும், அவள் தலையணையில் 'தலையணை' என்றும் ஒட்டியிருந்தது. கதவில் 'கதவு'. கதவு கதவென்று பிள்ளைக்குத் தெரியும். அவள் சப்பாத்தைக் கழற்றினாள்.

செய்யுள் இரண்டு நாளைக்குத்தான் ஓடியது, ஆறு மணிக்கு வேலைக்கு நிற்கிறவள் எத்தனை மணிக்குக் குளிப்பது. ஆனால் நாலாம் கட்டளையைச் சுகிர்தமலர் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு பிடித்தாள். பிள்ளை ஆங்கிலத்தில் பால் கேட்டது. தாய் வெங்காயம் உரித்தாள். பிள்ளை திரும்பக் கேட்டது. தாய் வெங்காயத்தோடு சேர்ந்து அழுதாளே தவிர வாய் திறக்கவில்லை. நிதுசா உள்ளே போய்ப் பள்ளிக்கூடத்து மடிக்கணினியைக் கொண்டு வந்து, ஆங்கிலத்தில் தட்டி, அது தமிழில் மாற்றிக் கொடுத்ததைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

'அன்னையே, எனக்குப் பாலினை வழங்குவீராக' என்று இருந்தது.

அருளையா கூட அப்படி எழுதமாட்டார். சுகிர்தமலருக்குச் சிரிப்பு வந்தது. பாலைக் கொடுத்தாள். அதன் பிறகு ஒரு கிழமையாக வீட்டில் தாயும் மகளும் அரசாங்கக் கந்தோரும் குடிமகனும் போல எழுத்து மூலம் நடந்துகொண்டார்கள். தமிழ் வீட்டுக்குள் வந்துவிட்டது, உண்மைதான். பேச்சுத்தான் போய்விட்டது.

பத்திரிகைக்கோ அந்தப் பதிலுக்குப் பாராட்டுக் கடிதம் பதினொன்று வந்தது. பதினொன்றும் ஓய்வுபெற்ற ஆண்கள் எழுதியவை. தமிழ் காக்க வந்த சிங்கமே என்று ஒருவர் தொடங்கியிருந்தார். அருளையா ஒவ்வொன்றையும் சுகிர்தமலருக்கு வாசித்துக் காட்டி, இரண்டாம் பாகம் எழுதப்போவதாகச் சொன்னார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கும் அவர்தான் நடுவர். பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கி, என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் கையை வீசிப் பொழிந்து தள்ளுவார்கள். அவர் கண்ணில் நீர் வழியப் பத்துக்கு ஒன்பது போடுவார். போட்டி முடிந்து அதே பிள்ளை கழிவறை எங்கே என்று தமிழில் கேட்கத் தெரியாமல் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை பரராசாவின் தமக்கை கமலேஸ் மச்சாள் வந்தாள். கூடவே மகள் சங்கவி, பதினேழு வயது, முழங்காலில் கிழிந்த காற்சட்டை. அவித்த சோளனும் தேத்தண்ணியும் வைத்துவிட்டுச் சுகிர்தமலர் ஐந்தாம் கட்டளைக்கு ஆயத்தமானாள். விருப்பமில்லைத்தான். ஆனால் அச்சில் வந்ததை, அதுவும் தன் கையாலே தடித்த எழுத்தில் போட்டதை, எப்படிச் செய்யாமல் விடுவது.

"நிது, இஞ்ச வா. மாமிக்குப் பள்ளிக்கூடத்தில என்ன நடந்ததெண்டு தமிழில சொல்லு பாப்பம்."

மச்சாள் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். "சொல்லம்மா, சொல்லு. பெரியப்பாக்கு அனுப்புவம்."

நிதுசா அந்தக் கைப்பேசியைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் குளியலறைக் கதவு அடைபட்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. கதவில் 'கதவு' என்று ஒட்டியிருந்த தாள் ஆடியது.

சுகிர்தமலர் தட்டினாள். உள்ளே ஆங்கிலத்தில் அழுகை. வேகமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு மழைக்குப் போதுமான வார்த்தைகள் ஒரே தரமாக விழுந்தன. இவளுக்கு மீண்டும் ஒன்றும் விளங்கவில்லை. தன் வயிற்றில் பிறந்தது கதவுக்கு அந்தப் பக்கம் அழுகிறது, இந்தப் பக்கம் தாய் ஒரு வெள்ளைக்காரியின் வீட்டு வாசலில் நிற்கிறது போல நிற்கிறாள். திரும்பிச் சங்கவியைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுறாள்? சொல்லு பிள்ளை."

சங்கவி சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். அவளுடைய தமிழ் ஆங்கிலப் பல்லுக்குள்ளால் வருவது போலத்தான் வரும், ஆனால் நிற்காமல் வரும்.

"திரும்ப வாட்சப்பில போடப் போறீங்களாம், மாமி. எல்லாரும் சிரிப்பினமாம். கோடையில ஒரு வீடியோ போட்டீங்கள்தானே? அவ மீனுக்குச் சாப்பாடு போட்டதைச் சொல்லுறது. அதை அவ பாத்தவ. எல்லாரும் போட்ட சிரிச்ச மூஞ்சியள எண்ணினவவாம். நாப்பத்திமூண்டாம்."

சுகிர்தமலருக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. மகள் தமிழில் எதையோ தலைகீழாகச் சொன்னாள், அழகாக இருந்தது என்று குடும்பக் குழுவில் போட்டாள். பாரிசிலிருந்த பரராசாவின் தமையன் உடனே அழைத்து, திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு என்று ஐந்து தடவை சொல்ல வைத்து, ஐந்து தடவையும் உருண்டு சிரித்தார். இலண்டன் சித்தி அதையே பாட்டுப் போட்டு வெட்டி அனுப்பினாள். சுகிர்தமலரும் சிரித்தாள். பொதி செய்யும் மேசையில் நின்று பக்கத்தில் நின்றவளுக்கும் காட்டினாள். பிள்ளை அன்றிலிருந்து வாயை மாற்றிக்கொண்டதைக் காலநிலை மாதிரி, பள்ளிக்கூடம் மாதிரி, கனடா மாதிரி எதன் மேலோ போட்டாள். கனடாவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இதுக்குப் போய் அழுறதே," என்று மச்சாள் தொடங்கினாள். "எங்கட ஆக்கள்தானே, ஆசைக்குச் சிரிச்சது."

"அம்மா, நீங்க இங்கிலீசில டாக்டரோட கதைக்கேக்க நான் வீடியோ எடுத்து அனுப்பட்டே?" என்றாள் சங்கவி.

மச்சாள் சோளனை எடுத்துக் கடித்தாள்.

அன்று சுகிர்தமலர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் மன்னிப்புக் கேட்டாள். இனிப் போடமாட்டேன், அது அம்மாவின் பிழை என்றாள். உள்ளே சத்தம் குறைந்தது. வெகுநேரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு 'சரி' வந்தது. அவ்வளவுதான். தாழ்ப்பாள் திறக்க இன்னும் அரைமணி ஆனது.

போகும்போது சங்கவியைப் பிடித்து, உனக்கு மட்டும் எப்படித் தமிழ் நின்றது என்று கேட்டாள்.

"அப்பாக்கு இங்கிலீசில சண்டை பிடிக்கத் தெரியாது, மாமி. எனக்கு வெளிய போக விடச் சொல்லிக் கேக்கோணும். அப்ப தமிழிலதான் கேக்கோணும். நான் பிழையாத்தான் கேப்பன். அவர் பிழையைத் திருத்த மாட்டார். 'இந்தக் கிழமை போகேலாது' எண்டு சரியாச் சொல்லுவார். அப்பிடியே கேட்டுக் கேட்டு வந்திட்டுது."

செவ்வாய்க்கிழமை காலையே குடும்பக் குழுவுக்கு ஒரு குரல் செய்தி போனது: அந்த வீடியோ வைத்திருக்கிறவர்கள் அழியுங்கள், என் பிள்ளை பேசாமல் போய்விட்டாள். நாற்பத்துமூன்று பேரில் ஒன்பது பேர் அழித்ததாகச் சொன்னார்கள். பாரிஸ்காரர் தன்னை அவமதித்ததாக எழுதிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினார். அன்று மாலையே அவரைத் திரும்பச் சேர்த்தார்கள், அதற்காகத்தானே வெளியேறுவது.

வியாழக்கிழமை அருளையாவின் இரண்டாம் பாகம் வந்தது, இதுவும் மூன்று தாள். ஆறாம் கட்டளை, பிள்ளை பேசும் பிழைகளை ஒரு கொப்பியில் எழுதிக் கிழமை முடிவில் உறவினருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பது. சுகிர்தமலர் அந்த வரியில் நின்றாள். விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. ஆசிரியர் கனகரத்தினம் அடுத்த அறையில் ஒரு வீட்டு விளம்பரக்காரரின் தலைமுடி சரியாக விழவில்லை என்ற முறைப்பாட்டில் மூழ்கியிருந்தார். ஐந்து மணிக்குப் பக்கம் அச்சகத்துக்குப் போகும். அருளையா சரிபார்க்க வருவார், ஆனால் தன் படமும் பெயரும் சரியா என்று மட்டும் பார்ப்பார்.

அவள் மூன்று தாளையும் கவிழ்த்து வைத்தாள். பிறகு தானே அடிக்கத் தொடங்கினாள். எழுத்தைத் தேடித் தேடித்தான். ஆனால் அன்றைக்கு எழுத்துகள் ஒளிந்து விளையாடவில்லை.

'பிரம்டன் தாய்க்கு. முன்பு எழுதிய கட்டளைகளை மறந்துவிடவும். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் காது கேளாதவர் போல இருக்க வேண்டாம், பதிலைத் தமிழில் சொல்லுங்கள். பிழையாகச் சொன்னால் பிழை என்று சொல்லாமல், அதையே சரியாகச் சொல்லி உங்கள் பேச்சுக்குள் கலந்து விடுங்கள். இரண்டையும் கலந்து பேசினால் பயப்பட வேண்டாம், இரண்டு மொழி வளர்கிற வீட்டில் அது நடப்பது. விருந்தாளி முன் நிறுத்தாதீர்கள். கைப்பேசியில் எடுக்காதீர்கள். சிரிக்காதீர்கள், ஆசைக்கும் சிரிக்காதீர்கள். சனிக்கிழமை வகுப்பு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும், அது நல்லது. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் ஒரு கிழமைக்குப் போதாது. வேறு வேறு ஆட்கள் அவளோடு தமிழில் பேச வேண்டும், அவள் வயதுப் பிள்ளைகளும்தான். அவளுக்கு வேண்டிய காரியம் ஏதாவது தமிழில் நடக்க வேண்டும். அவளுக்குச் சண்டை பிடிக்க ஆசையிருந்தால் தமிழில் சண்டை பிடிக்க விடுங்கள். நீங்கள் விடாமல் தமிழில் பேசுங்கள். பொறுத்திருங்கள். மாதக்கணக்காகலாம்.'

நாலு மணி ஐம்பதுக்கு அருளையா வந்தார். படத்தைப் பார்த்தார். தலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நிமிர்த்த முடியாதா என்று கேட்டார். நிமிர்த்தினாள். பக்கம் போயிற்று.

அடுத்த செவ்வாய் வேலை போய்விடும் என்றே அவள் நினைத்திருந்தாள். அன்று படியேறியபோது கந்தோர்த் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், ஒருத்தி மொன்றியலில் இருந்து. ஒருத்தி அழுதாளாம். கனகரத்தினம் வாயெல்லாம் பல்லாக, ஐயா, நீங்கள் இவ்வளவு நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் உந்த அறிவை என்று கேட்டார். அருளையா பத்திரிகையைக் கையில் விரித்தபடி நடுவில் நின்றார். வாசித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு கதிரையை இழுத்துச் சுகிர்தமலருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, இது நான் எழுதினதோ?"

"ஐயா, உங்கட பேரும் படமும் போட்டிருக்கு."

அவர் படத்தைப் பார்த்தார். தலை நிமிர்ந்துதான் இருந்தது.

"ஓம்," என்றார் கடைசியில். "வடிவாத்தான் எழுதியிருக்கிறன்."

எழும்பிப் போனவர் கதவடியில் நின்று திரும்பினார். மேடைக் குரலை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவர் போலக் கேட்டார், அந்தப் பிரம்டன் பிள்ளை இப்போது கதைக்கிறாளாமா என்று. தெரியாது ஐயா, பிரம்டன் சரியான தூரம் என்றாள் சுகிர்தமலர். அவர் தலையாட்டிவிட்டுத் தொலைபேசியை எடுத்து, மொன்றியல் பெண்ணுக்குத் தன் தாய்மொழிக் கொள்கையை விளக்கத் தொடங்கினார்.

வீட்டில் ஒன்றும் உடனே நடக்கவில்லை. சுகிர்தமலர் ஒட்டியிருந்த தாள்களைக் கிழித்தாள். தமிழில் கேட்டாள், ஆங்கிலத்தில் பதில் வந்தது, தமிழில் பதில் சொன்னாள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. சங்கவி சனிக்கிழமைகளில் நிதுசாவைக் கூட்டிப்போய்ப் பனியில் சறுக்கிவிட்டு வருவாள். இரண்டு பேரும் என்ன மொழியில் சண்டை பிடிக்கிறார்கள் என்று சுகிர்தமலர் கேட்கவில்லை.

தை பிறந்து ஒரு பின்னேரம், சுகிர்தமலர் புட்டு அவித்துக்கொண்டு நின்றபோது, நிதுசா வந்து மேசையில் ஏறி உட்கார்ந்தாள். காலை ஆட்டினாள். பிறகு ஒரு ஆங்கிலச் சொல்லில் தொடங்கி, நின்று, யோசித்து, மற்ற மொழிக்குள் காலை வைத்தாள், ஆழம் பார்க்கிறவள் போல. வகுப்பில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாளாம். அவளோடு சாப்பிட ஒருவரும் இல்லையாம். தான் போய் உட்கார்ந்தாளாம், அதனால் மற்றவர்கள் என்னவோ சொன்னார்களாம். சொற்கள் தலைகீழாக, அரைக்கரைவாசி இங்கிலீசு, நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் எவரும் நினைத்துப் பார்க்காத ஒரு சொல் வந்து விழுந்தது. பாரிஸ்காரர் கேட்டால் கதிரையை விட்டு விழுந்திருப்பார்.

சுகிர்தமலருக்கும் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. அடுப்பின் பக்கம் திரும்பி நின்று உதட்டைக் கடித்து அதை விழுங்கினாள். புட்டுப் பானையின் ஆவி முகத்தில் அடித்தது.

"அவள் தனியவே இருந்தவள்?" என்றாள் திரும்பாமலே. "நீ போய்ப் பக்கத்தில இருந்தனியோ? பிறகு?"

"பிறகு," என்றாள் நிதுசா, மூச்சை இழுத்துக்கொண்டு.